ஞாயித்துக்கிழமை போன் கால்: விழாவுக்குக் குறும்பட ஸ்கிரிப்ட் எழுதப் போறவங்களுக்கு

வெளிநாட்டுல இருக்கிற தமிழ்ச் சங்கங்க பொங்கல் விழாவோட சேர்த்து குறும்படமும் போடுறாங்க, சென்னைல இருக்கிற நம்ம பசங்களும் படம் அனுப்புறாங்க, அதுல திரும்பத் திரும்ப வர்ற கதை ஒண்ணு இருக்கு. வளைகுடால வேலை பாக்குறவர் லீவு நாள்ல வீட்டுக்கு போன் போடுறாரு, சிரிச்சுப் பேசுறாரு, போனை வச்சதும் பங்க் பெட்ல உக்காந்து அழறாரு, பேக்ரவுண்ட்ல வயலின். முதல் தடவை ஸ்கிரிப்ட் எழுதுற எல்லாருக்கும் கை தானா இந்தக் கதைக்குத்தான் போகும்.

இதுல என்ன பிரச்சனைன்னா, அந்த விழால படம் பாக்குறவங்க யாருன்னு யோசிக்காம எழுதுறோம். பாக்குறவங்கள்ல பாதிப் பேரு அந்த போனைப் பண்ணினவங்க, பண்ணிட்டிருக்கிறவங்க. அந்த ரூம், அந்தக் கட்டில், போனை வச்சதுக்கு அப்புறம் வர்ற அமைதி இதெல்லாம் அவங்களுக்கு நீங்க சொல்லித் தெரியவேண்டியதில்ல. அவங்க பாக்கவே முடியாத ஒரு இடம் இருக்கு, அது போனோட இந்த முனை. கால் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வீட்டுல என்ன நடக்குது, கட் ஆனதும் யார் என்ன பண்றாங்க, இது அவங்க கண்ணுல பட்டதே கிடையாது. அதனால நான் சொல்றது ஒண்ணுதான்: கேமராவை வீட்டை விட்டு வெளிய கொண்டு போகாதீங்க, அவரு குரலா மட்டும் வரட்டும்.

இதுல செலவும் மிச்சம், தப்பும் மிச்சம். சென்னைல ஒரு ஷெட்டுல நாலு பங்க் பெட் போட்டு துபாய் கேம்ப்னு எடுத்தா, சுவத்துல நம்ம ஊரு உருண்டை ஓட்டை பிளக் பாயின்ட் தெரிஞ்சா போதும், அங்க இருக்கிறது சதுரக் கால் மூணு பின் பிளக், ஹால்ல உக்காந்திருக்கிற ஆளு அந்த நிமிஷமே படத்தை விட்டு வெளிய வந்துடுவாரு. வீடு உங்க ஊரு, அதுல உங்களை யாரும் மடக்க முடியாது.

முதல்ல தேதி, அப்புறம் கதை

"ஒரு குடும்பம், ஒரு நாள்"னு மொட்டையா ஆரம்பிச்சா டயலாக் எல்லாம் பொதுவாத்தான் வரும். ஒரு தேதியைப் புடிங்க. இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வச்சே போறேன், 2023 டிசம்பர் 10, ஞாயித்துக்கிழமை, வியாசர்பாடி. அதுக்கு முந்தின ஞாயிறு ராத்திரியும் திங்களும்தான் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்துச்சு, நிறைய ஏரியாவுல கரண்ட் இல்ல, டவர் இல்ல, வெளிநாட்டுல இருக்கிறவங்க டிவியில நம்ம தெருவைப் பாத்துட்டு வீட்டுக்கு போன் கிடைக்காம தவிச்சாங்க. ஆக 10ம் தேதி வர்றது வெறும் வாராந்திர கால் இல்ல, மழைக்கு அப்புறம் நிதானமா பேசுற முதல் கால்.

ஆளுங்க நாலு பேரு போதும். சேகர், துபாய்ல கட்டடத்துல கம்பி கட்டுற வேலை. மனைவி மல்லிகா. பத்தாவது படிக்கிற பொண்ணு ரம்யா. சேகரோட அம்மா. சேகர் பத்தாவது பாஸ் பண்ணல, அந்த மாதிரி ஆளுங்களுக்கு வளைகுடா போக பாஸ்போர்ட்டோட எமிக்ரேஷன் கிளியரன்ஸும் வேணும், அதுக்காக அவரு அலைஞ்ச அலைச்சல்தான் பொண்ணு படிப்புல அவரு அவ்ளோ கெடுபிடியா இருக்கிறதுக்குக் காரணம். இது எதுவும் படத்துல வாயால வராது, ஆனா "டெஸ்ட்ல எவ்ளோ"ன்னு அவரு கேக்கிற தொனியில இருக்கும், எழுதுற உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

தேதி புடிச்சா கூடவே கொஞ்சம் சரிபார்க்கிற வேலையும் வரும். துபாய் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அங்க காலைல ஒன்பதரைன்னா இங்க பதினொண்ணு, சுவர் கடிகாரத்துல அது தெரியணும். அமீரகத்துல 2022 ஜனவரிலேர்ந்து அரசு வார லீவு சனி ஞாயிறுன்னு மாறிடுச்சு, அதனால பழைய பழக்கத்துல வெள்ளிக்கிழமைன்னு எழுதுறதுக்கு முன்னாடி யோசிங்க, குவைத்னா வெள்ளி சரி. டிசம்பர்ல துபாய்ல காலைல குளுகுளுன்னு இருக்கும், "இங்க வெயில் கொளுத்துது"ன்னு ஒரு வரி வச்சீங்கன்னா அங்க ஹால்ல ஒருத்தர் பக்கத்து சீட்டுக்காரரைப் பாப்பாரு. அரசு அறிவிச்ச 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைல குடுக்க ஆரம்பிச்சது 17ம் தேதி, ஆக 10ம் தேதி மல்லிகா கைல அந்தப் பணம் இருக்கக் கூடாது. அப்புறம் முக்கியமா, அமீரகத்துல வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போகும், கால் பேச முடியாது, அதுக்கு போட்டிம் மாதிரி வேற ஆப்தான். மல்லிகா போன்ல வாட்ஸ்அப் கால் ஸ்கிரீனைக் காட்டிடாதீங்க.

சாதாரண வாரத்தை முதல்ல எழுதுங்க

இது படத்துக்குள்ள வராத பக்கம், ஆனா இதை எழுதாம மேல போகாதீங்க. ஒண்ணுமே நடக்காத ஒரு வாரத்துல இவங்க என்ன பேசுவாங்க? பெரும்பாலான வீட்டுல ஒரே வரிசைதான், ஹலோ கேக்குதா, சாப்ட்டியா, பணம் ஏறிடுச்சா, புள்ள படிக்குதா, அம்மா எங்க குடு, மாத்திரை போட்டியாம்மா, சரி உடம்பப் பாத்துக்கோ, வச்சிடட்டுமா, நீ வை, இல்ல நீ வை. வாரா வாரம் இதேதான், பல வருஷமா இதேதான். கேக்குறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா உங்க மொத்தக் கதையும் இந்த வரிசைல எந்த இடம் இன்னைக்கு மாறுதுங்கிறதுலதான் இருக்கு.

வளைகுடாலேர்ந்து லீவுல வந்திருக்கிறவங்க வடசென்னைல தெருவுக்கு ரெண்டு பேராச்சும் இருப்பாங்க, அவங்க வீட்டுல உக்காந்து பேசுங்க. "அங்க என்ன கஷ்டம்"னு கேட்டா எல்லாருக்கும் சொல்ற பதில்தான் வரும். "போன்ல சொல்லாம விட்டது என்ன, அது வீட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது"ன்னு கேளுங்க, கணவர்கிட்டயும் மனைவிகிட்டயும் தனித்தனியா கேளுங்க. அவங்க பேரையும், அடையாளம் தெரியிற விஷயத்தையும் ஸ்கிரிப்ட்ல வைக்காதீங்க. அவங்க பேசுற போன் காலை ரெக்கார்ட் பண்ணவே பண்ணாதீங்க, விழா ஹால்ல அவங்க சொந்தக்காரங்களே உக்காந்திருக்கலாம்.

பேச்சு நடையையும் இப்பவே முடிவு பண்ணிடுங்க. வியாசர்பாடில நிறைய வீட்டுல மனைவி கணவரை நீ, வா, போன்னுதான் கூப்பிடுவாங்க, சில வீட்டுல வாங்க போங்க. எந்த வீடுன்னு ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் மாத்தாதீங்க. வடசென்னைன்னு காட்டுறதுக்காக வரிக்கு வரி "இன்னா"ன்னு போடுறது அந்த ஏரியா ஆளுங்களைக் கேலி பண்ற மாதிரி ஆகிடும்.

ரெண்டு பக்கமும் ஒண்ணு மறைக்கட்டும்

வெளிநாட்டுல இருக்கிறவர் மட்டும் மறைக்கிறாருன்னு வச்சா அது பாதிக் கதை. வீடும் மறைக்கும். நம்ம உதாரணத்துல வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி நின்னிருக்கு. பீரோவோட அடிப்பலகை ஊறி உப்பிடுச்சு, மெத்தை மொட்டை மாடில காயுது, சேகர் அனுப்பின பணத்துல வாங்கின ஃபிரிட்ஜ் செங்கல் மேல நிக்குது, ஓடல. சுவர் பூரா பழுப்பா ஒரு கோடு. மல்லிகா இதைச் சொல்ல மாட்டா, ஏன்னா சொன்னா அவரு அங்க யார்கிட்டயாவது கடன் வாங்கி அனுப்புவாரு.

எப்பவும் வீடியோ கால்தான் வரும். அதனால ரெண்டாவது சீன் பூரா, கிட்டத்தட்ட ஒன்றரை நிமிஷம், டயலாக்கே கிடையாது, மல்லிகா போன் கேமராவைத் திறந்து வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள ஒரு இடம் தேடுறா. இங்க நின்னா கோடு தெரியுது, அங்க நின்னா ஃபிரிட்ஜ் கதவு தெரியுது, கடைசில சாமி அலமாரி இருக்கிற சுவத்துல, போனைக் கொஞ்சம் ஒசரமா புடிச்சா மட்டும் எதுவும் தெரியல. ரம்யா நாற்காலி போட்டு ஏறி ஒரு டியூப்லைட்டை சரி பண்றா. போன் ஸ்கிரீனுக்குள்ள சுத்தமான வீடு, அதைச் சுத்தி நம்ம ஃபிரேம்ல நிஜ வீடு. ஸ்கிரிப்ட்ல இதை இப்படியே எழுதணும், எது போன் ஸ்கிரீன்ல தெரியுது, எது நமக்குத் தெரியுதுன்னு தனித்தனியா. "மல்லிகா பதட்டமாக இருக்கிறாள்"னு எழுதினா கேமராமேனுக்கு எடுக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

சேகர் மறைக்கிறது: வலது உள்ளங்கைல அடி, தையல் போட்டிருக்கு, கொஞ்ச நாள் வேலைக்குப் போக முடியாது. அதனால இன்னைக்கு வீடியோ இல்ல, ஆடியோ கால். வழக்கமான வரிசைல மாறுற இடம் இதுதான். அவ அவ்ளோ பாடுபட்டுத் தேடின இடம் தேவைப்படல, ஒரு நிமிஷம் நிம்மதியா இருக்கு, அடுத்த நிமிஷம் அந்த நிம்மதியே பயமா மாறுது.

ஸ்பீக்கர் எப்ப ஆன், எப்ப ஆஃப்

போன் காலை மூணு விதமா எழுதலாம். ரெண்டு பக்கமும் மாறி மாறிக் காட்டுறது, ஒரு பக்கத்தைக் காட்டி இன்னொரு பக்கக் குரலைக் கேக்க வைக்கிறது, இல்ல ஒரு பக்கத்தை மட்டும் காட்டி அந்தக் குரலும் நமக்குக் கேக்காம விடுறது. முதல் வழியை நாம ஏற்கனவே விட்டாச்சு. மத்த ரெண்டையும் ஒரே காலுக்குள்ள வைக்க வீட்டுலயே ஒரு பட்டன் இருக்கு, ஸ்பீக்கர். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், பொண்ணும் கேக்கணும், அதனால எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாங்க. நமக்கும் கேக்கும். எந்த நிமிஷத்துல ஸ்பீக்கர் ஆஃப் ஆகுதோ அங்கதான் படம் திரும்புது.

எழுதிக் காட்டுறேன்:

சீன் 3 / உள் / மல்லிகா வீடு, முன் ரூம் / பகல்

போன் அடிக்குது. ரம்யா எட்டிப் பாக்குறா.

ரம்யா: அம்மா, வீடியோ இல்ல. வெறும் ஆடியோ.

மல்லிகா சாமி அலமாரி பக்கத்துலேர்ந்து நகர்ந்து வர்றா. எடுத்து ஸ்பீக்கரைப் போடுறா.

சேகர் (போன்ல): மல்லி, கேக்குதா?

மல்லிகா: கேக்குது. சாப்ட்டியாயா?

சேகர் (போன்ல): ஆச்சு. தண்ணி உள்ள வந்துச்சா?

மல்லிகா: வாசப்படியோட நின்னுடுச்சு.

மாமியார் கட்டில் சட்டத்து மேல கால் தூக்கி உக்காந்திருக்காங்க. மல்லிகாவைப் பாக்குறாங்க, ஒண்ணும் சொல்லல.

சேகர் (போன்ல): ஃபிரிட்ஜு?

மல்லிகா: ஓடுது.

சேகர் (போன்ல, யார்கிட்டயோ மெதுவா): மச்சான், இந்த மூடியக் கொஞ்சம் தொறந்து குடேன்.

மல்லிகா போனையே பாக்குறா.

மல்லிகா: வீடியோல வாயேன்.

சேகர் (போன்ல): நெட்டு சரியில்ல மல்லி.

மல்லிகா: நல்லாத்தானே கேக்குது.

சேகர் பேசல. அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும்.

சேகர் (போன்ல): ஸ்பீக்கர ஆஃப் பண்ணு.

பாட்டில் மூடி திறக்கச் சொல்றது ஒரு வரிதான், ஆனா பாக்குறவங்களுக்கு அங்கயே பொறி தட்டும். இந்த மாதிரி ஒரு தடயம் போதும், ரெண்டாவது வைக்காதீங்க, இருமல், முனகல்னு சேர்த்தா மெகா சீரியல் ஆகிடும். "ஹலோ, ஹலோ, கட்டாகுது"ன்னு நெட்வொர்க் விளையாட்டும் ஒரு தடவைக்கு மேல வேணாம்.

ஸ்பீக்கர் ஆஃப் ஆனதுக்கு அப்புறம் அவரு பேசுறது நமக்குக் கேக்காது, மல்லிகா பேசுறது மட்டும்தான். புதுசா எழுதுற நிறைய பேரு இங்க "மல்லிகா போனில் கேட்கிறாள், கண் கலங்குகிறது"ன்னு எழுதிட்டு அடுத்த சீனுக்குப் போயிடுறாங்க, ஷூட்ல நடிகை காதுல செத்த போனை வச்சுக்கிட்டு மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணி இடைவெளி விடுறாங்க, அது திரையில அப்படியே தெரியும். சேகர் சொல்றதை முழுசா எழுதுங்க, பக்கத்துல "(கேட்காது)"ன்னு குறிப்பு போடுங்க. எப்ப அடிபட்டுச்சு, எத்தனை தையல், அம்மாகிட்ட சொல்லாத, அடுத்த மாசம் பணம் கம்மியாத்தான் வரும், எல்லாம். ஷூட் அன்னைக்கு சேகரா நடிக்கிறவர் பக்கத்து வீட்டுல உக்காந்து நிஜமாவே போன் போட்டு அதைப் பேசணும். அப்பத்தான் மல்லிகாவோட பதில் சரியான இடத்துல விழும். அவ பேசுறது வெறும் மூணு வரி:

மல்லிகா: எப்போ?

மல்லிகா: ம்.

மல்லிகா: எந்தக் கை?

மூணாவது வரில ஆடியன்ஸுக்கு எல்லாம் புரிஞ்சிடும். அதுக்கு மேல "ஐயோ கையில அடியா, தையல் போட்டாங்களா"ன்னு அவ திருப்பிச் சொன்னா கேக்காம வச்சதுக்கே அர்த்தமில்லாம போயிடும்.

இந்த இடத்துக்கு நம்ம ஊர்ல ஸ்கிரிப்ட் எழுதுற பழைய முறை நல்லா உதவும், பேப்பரை நடுவுல மடிச்சு இடது பக்கம் நடக்கிறது, வலது பக்கம் டயலாக். அதையே கொஞ்சம் மாத்தி, இந்த சீனுக்கு மட்டும் இடது பக்கம் வீடு, வலது பக்கம் போன்னு வச்சு எழுதிப் பாருங்க. யாரு பேசும்போது யாரு சும்மா இருக்காங்க, எந்தக் கேள்விக்குப் பதிலே வரலைன்னு ஒரே பார்வைல தெரியும். வலது பக்கம் வரிசையா நீளமா நிரம்பியிருந்தா சேகர் ரொம்பப் பேசுறாருன்னு அர்த்தம், வெட்டுங்க.

முடிக்கிற இடம்

மல்லிகா திரும்ப ஸ்பீக்கரைப் போடுறா, மாமியார்கிட்ட போனைக் குடுக்கிறா, மாத்திரை, டெஸ்ட் மார்க்னு வழக்கமான வரிசை நடக்குது, ஆனா இப்ப ஒவ்வொரு சாதாரண வரியும் வேற கனத்தோட கேக்கும், அதனால அதை அவசரமா வெட்டாதீங்க. கடைசில போன் மல்லிகா கைக்கு வருது. "அடுத்த வாரம் வீடியோல வரணும்"னு சொல்றா. அவரும் "சரி, வீட்டைக் காட்டு"ன்னு சொல்றாரு. கட். இப்ப அவருக்கும் ஒரு வாரம்தான், அவளுக்கும் ஒரு வாரம்தான். அவ அழ வேணாம், பக்கெட்டை எடுத்து சுவத்தோட கோட்டைத் தேய்க்க ஆரம்பிச்சா போதும், ரம்யா இன்னொரு துணியை எடுத்துட்டு வரலாம், அதோட நிறுத்திக்கலாம். உண்மை எல்லாம் உடைஞ்சு எல்லாரும் கட்டிப்புடிக்கிற முடிவு ஏழு நிமிஷப் படத்துல நிக்காது, தவிர நிஜ வீட்டுல அப்படி ஒரே கால்ல எல்லாம் சொல்லித் தீர்க்கவும் மாட்டாங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி

ஒரு ரவுண்டு டயலாக்கை மட்டும் படிங்க, பேசுற ரெண்டு பேருக்கும் ஏற்கனவே தெரிஞ்ச விஷயம் எதையாவது ஒருத்தர் இன்னொருத்தருக்கு சொல்றாரான்னு பாருங்க. "நீ துபாய் போயி நாலு வருஷம் ஆச்சு", "நம்ம பொண்ணு ரம்யா பத்தாவது படிக்கிறா" இதெல்லாம் ஆடியன்ஸுக்காகப் பேசுறது. பத்தாவதுன்னு தெரியணும்னா மேஜை மேல ஈரத்துல ஊறி உப்பின பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தை விரிச்சுக் காய வைங்க, மழையும் சேர்ந்து வந்துடும்.

நீளத்துக்கு, ஒரு பக்கம் ஒரு நிமிஷம்ங்கிற கணக்கை நம்பாதீங்க, அது இங்கிலீஷ் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு குறிப்பிட்ட ஃபான்ட்ல, ஒரு குறிப்பிட்ட ஃபார்மேட்ல வர்ற தோராயம், தமிழ்ல சரிவராது. ரெண்டு பேரை எதிர் எதிரா முதுகு காட்டி உக்கார வச்சு, முகம் பாக்காம, ஸ்டாப் வாட்ச் போட்டு வாசிக்கச் சொல்லுங்க, வசனம் இல்லாத இடத்தை நீங்களே வாய்விட்டுப் படிங்க. முகம் பாக்காம வாசிச்சா போன் பேச்சோட நிறுத்தமும் தயக்கமும் தானா வந்துடும், எந்த வரி வாய்ல வர மாட்டேங்குதுன்னும் தெரிஞ்சிடும். விழா குடுக்கிற நேரத்துல டைட்டிலும் சேருமான்னு கேட்டுக்கோங்க.

சப்டைட்டிலை நினைச்சு எழுதுறதும் முக்கியம், அங்க பொறந்த பிள்ளைங்க நிறைய பேருக்கு நம்ம வேகத்துல பேசுற பேச்சு புடிபடாது. திரையில ஒரு நேரத்துக்கு ரெண்டு வரிதான், வரிக்கு நாப்பது எழுத்து வாக்குல, அதனால ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுற மாதிரி எழுதினா ஒருத்தர் பேச்சு போயிடும். போன்ல வர்ற குரலை சப்டைட்டில்ல சாய்வெழுத்துல போடுவாங்க, ஸ்கிரிப்ட்ல நீங்க ஒவ்வொரு தடவையும் "(போன்ல)"னு விடாம குறிச்சிருந்தாத்தான் அது சரியா வரும்.

கடைசியா, யூனிகோட் ஃபான்ட்லயே டைப் பண்ணி பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க, பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் அந்தப் பக்கம் திறந்தா சம்பந்தமில்லாத எழுத்தா நிக்கும். விழாக் குழுவுக்கு அந்த நாட்டுல படம் போட அனுமதி வாங்குற வேலை இருக்கும், வேலை இடத்துல அடிபட்ட விஷயம் இருக்குன்னு ரெண்டு வரிக் கதைச்சுருக்கத்துலயே தெளிவா எழுதி, ஷூட்டுக்கு முன்னாடியே அவங்ககிட்ட காட்டி சரி வாங்கிக்கோங்க, எடுத்து முடிச்சப்புறம் சீனை வெட்டச் சொன்னா, இந்தக் கதைல வெட்டுறதுக்குன்னு தனியா ஒரு சீன் இல்ல.